கோணத்தைத் தேடாதீர்கள், பக்கத்தைக் கேளுங்கள்

சனிக்கிழமைகளில் என் வீட்டு வரவேற்பறையில் படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலருக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கும் எனக்கு அதுதான் கைச்செலவுக்கு வழி. சென்ற பள்ளி விடுமுறையில் அவர்களில் ஒருவன் புத்தகத்துக்குப் பதிலாக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனே உருவாக்கிய ஒரு விளையாட்டு அதில் இருந்தது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு கிடங்கு. உள்ளே ஒரு காவலாளி. அவன் கண்ணில் படாமல் நாம் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

“அக்கா, இந்தக் காவலாளியைப் பாருங்க. சில நேரம் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துறான்” என்றான்.

பார்த்தேன். காவலாளிக்குச் சற்று இடப்பக்கமாக நாம் போனால், அவன் இடப்பக்கம் லேசாகத் திரும்பாமல், வலப்பக்கமாக ஏறக்குறைய ஒரு முழு வட்டம் அடித்து நம்மைப் பார்க்கிறான். அதற்குள் நாம் தப்பித்து விடுகிறோம். நிரலைத் திறந்தேன். காவலாளி பார்க்கும் திசை 350 பாகை. ஆட்டக்காரர் இருக்கும் திசை 10 பாகை. இரண்டுக்கும் இடையே உண்மையில் 20 பாகைதான் இடைவெளி. ஆனால் மாணவன் 10-இலிருந்து 350-ஐக் கழித்திருந்தான். விடை −340. காவலாளியும் சொன்னபடி கேட்டு 340 பாகை எதிர்ப்பக்கம் சுற்றினான். இதைச் சரிசெய்ய மாணவன் “180-ஐத் தாண்டினால் 360-ஐக் கழி” என்பது போல வரிசையாக ஏழு நிபந்தனைகள் எழுதியிருந்தான். ஒவ்வொன்றும் ஓர் ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறந்திருந்தது.

அவனை நான் குறை சொல்லவில்லை. வெக்டர் என்றால் அடுத்து கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நாம் பழக்குகிறோம். படிவம் 4 கூடுதல் கணிதத்தில் வெக்டர், அதாவது திசையன், ஒரு முழுப் பாடம். கூட்டல், அளவு, அலகு வெக்டர் எல்லாம் வருகின்றன. ஆனால் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும் ஆறாம் படிவத்துக்குப் போனால்தான் வருகின்றன. அங்கேயும் “இரு வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணத்தைக் காண்க” என்ற கேள்வியோடுதான் பலருக்கு அவை அறிமுகமாகின்றன. என் கருத்து இதுதான்: இந்த இரண்டு பெருக்கலையும் கோணம் காணும் சூத்திரமாக முதலில் சொல்லித் தரக்கூடாது. “எனக்கு முன்னால் எவ்வளவு? பக்கவாட்டில் எவ்வளவு?” என்ற இரண்டு கேள்விகளாகச் சொல்லித் தர வேண்டும். அப்படிச் சொன்னால் படிவம் 4 மாணவருக்கே புரியும். அன்று மாலை நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒரு வரைபடத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். காவலாளி (2, 3) என்ற புள்ளியில் நிற்கிறான். ஆட்டக்காரர் (7, 5) என்ற புள்ளியில் இருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், காவலாளியிடமிருந்து ஆட்டக்காரருக்கான வெக்டர் (5, 2). கிழக்கே 5 மீட்டர், வடக்கே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதை d என்போம். காவலாளி பார்க்கும் திசை (0.8, 0.6). இதை f என்போம். 0.8-இன் வர்க்கமும் 0.6-இன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பதால், இது நீளம் 1 உள்ள அலகு வெக்டர். இந்த ஒரு செய்தி பின்னால் மிகவும் தேவைப்படும்.

இப்போது காவலாளியின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உங்களுக்குக் கிழக்கு, வடக்கு முக்கியமில்லை. உங்கள் மூக்குக்கு நேரே எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். கிழக்கே ஒரு மீட்டர் போகிற ஒருவர், உங்கள் பார்வைத் திசையில் 0.8 மீட்டர் முன்னேறுகிறார். வடக்கே ஒரு மீட்டர் போகிறவர், உங்கள் பார்வைத் திசையில் 0.6 மீட்டர் முன்னேறுகிறார். ஆட்டக்காரர் கிழக்கே 5, வடக்கே 2. ஆகவே உங்களுக்கு முன்னால் அவர் இருக்கும் தூரம் 5 × 0.8 + 2 × 0.6 = 5.2 மீட்டர். இதுதான் புள்ளிப் பெருக்கல். எண்களைப் பெருக்கிக் கூட்டினால் போதும். கோசைன் என்ற சொல்லே இன்னும் வரவில்லை. விடை நேர்மம் என்றால் அவர் முன்னால் இருக்கிறார். எதிர்மம் என்றால் முதுகுக்குப் பின்னால். பூச்சியம் என்றால் சரியாகத் தோளுக்கு நேரே, பக்கவாட்டில்.

அடுத்த கேள்வி, எந்தப் பக்கம்? உங்கள் இடக்கையைத் தோளுக்கு நேரே நீட்டுங்கள். அந்தக் கை காட்டும் திசை, f-ஐ இடப்பக்கமாக 90 பாகை திருப்பினால் கிடைக்கும் திசை. வரைபடத்தாளில் வரைந்து பார்த்தால் அது (−0.6, 0.8) என்று தெரியும்: இரண்டு எண்களையும் இடம் மாற்றி, முதல் எண்ணின் குறியை மாற்றினால் போதும். இந்த இடக்கைத் திசையோடு அதே புள்ளிப் பெருக்கலை மறுபடி செய்யுங்கள். 5 × (−0.6) + 2 × 0.8 = −1.4. எதிர்மம் வந்துவிட்டது. ஆகவே ஆட்டக்காரர் இடப்பக்கம் இல்லை; வலப்பக்கம் 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறார்.

இரண்டாவதாகச் செய்ததுதான் சமதளத்தில் குறுக்குப் பெருக்கல். ஏதோ புதிய பெருக்கல் என்று மாணவர்கள் பயப்படுவது, இடக்கையோடு செய்த புள்ளிப் பெருக்கலைத்தான். நிரலில் இரண்டும் இரண்டே வரிகள்:

```
forward = fx*dx + fy*dy    # 5.2
left    = fx*dy - fy*dx    # -1.4
```

என் மாணவனின் ஏழு நிபந்தனைகளும் இந்த இரண்டு வரிகளில் கரைந்துவிட்டன. left நேர்மம் என்றால் இடப்பக்கம் திரும்பு. எதிர்மம் என்றால் வலப்பக்கம் திரும்பு. 350 பாகை, 10 பாகை என்ற குழப்பமே இல்லை. ஏனென்றால் வட்டத்தை எந்த இடத்திலும் வெட்டி எண் போடவில்லை. பாகை அளவில் 359-க்கு அடுத்து 0 என்று ஒரு தாவல் இருக்கிறது. வெக்டருக்கு அப்படி ஒரு தாவல் கிடையாது.

இனி காவலாளியின் பார்வைப் புலம். அவனுக்கு மொத்தம் 90 பாகை பார்வை கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேர்த்திசைக்கு இடப்பக்கம் 45, வலப்பக்கம் 45. இங்கேதான் கோசைன் உள்ளே வருகிறது. ஆட்டக்காரருக்கான முழுத் தூரம் √29, அதாவது ஏறக்குறைய 5.385. முன்தூரம் 5.2-ஐ இந்த முழுத் தூரத்தால் வகுத்தால் 0.966. இதுதான் கோணத்தின் கோசைன். 45 பாகையின் கோசைன் 0.707. நம் எண் அதைவிடப் பெரியது. ஆகவே ஆட்டக்காரர் பார்வைக்குள் இருக்கிறார். கோணம் 15 பாகை என்பதைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை.

இந்த ஒரு சிறிய சோதனையில் மாணவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் உண்டு. ஒன்று, பாதிக் கோணத்துக்குப் பதிலாக முழுக் கோணத்தின் கோசைனைப் போடுவது. 90 பாகையின் கோசைன் பூச்சியம். அப்போது காவலாளிக்கு முன்பக்கம் முழுவதும், அதாவது 180 பாகை, தெரியத் தொடங்கிவிடும். இரண்டு, குறியைத் திருப்பிப் போடுவது. கோணம் கூடக்கூடக் கோசைன் குறைகிறது. ஆகவே “உள்ளே இருக்கிறார்” என்பதற்குப் பெரிது என்ற குறிதான் வேண்டும். மூன்று, தூரத்தால் வகுக்க மறப்பது. அப்படி மறந்தால் 5.2-ஐ 0.707 உடன் ஒப்பிடுவீர்கள். தொலைவில் முன்பக்கம் இருப்பவர் ஏறக்குறைய எந்தக் கோணத்தில் இருந்தாலும் காவலாளிக்குத் தெரிவார். மூக்குக்கு நேரே அரை மீட்டரில் நிற்பவர் தெரியமாட்டார். உங்கள் விளையாட்டில் கிட்டப் போனால் காவலாளி குருடாகிறான் என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

“பரவாயில்லை, கோணத்தையே கண்டுபிடித்து 45 உடன் ஒப்பிடுகிறேன்” என்று சிலர் சொல்வார்கள். அதற்குத் தலைகீழ்க் கோசைன், அதாவது acos, வேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஆட்டக்காரர் சரியாக நேர் எதிரே இருக்கும்போது விடை 1 ஆக வேண்டும். கணினி தசமங்களைச் சுருக்கி வைப்பதால் சில சமயம் அது 1-ஐ விட ஒரு துளி கூடி 1.0000001 ஆகிவிடும். அப்படிப்பட்ட எண்ணுக்கு acos கிடையாது. பல நிரல்மொழிகள் அங்கே NaN என்று திருப்பித் தரும். NaN-ஐ எதனோடு சிறிதா என்று ஒப்பிட்டாலும் “இல்லை” என்றே விடை வரும். விளைவு, நேர் எதிரே நிற்பவரைத்தான் காவலாளி எப்போதாவது பார்க்காமல் விடுவான். இந்தப் பிழை எப்போதாவது மட்டுமே தலைகாட்டும் என்பதால், கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

நானும் ஒரு தவறு செய்தவள்தான். முதலாண்டுப் பணித்திட்டம் ஒன்றில், வர்க்கமூலம் எடுக்கும் வேலையை மிச்சப்படுத்தலாம் என்று இரு பக்கமும் வர்க்கப்படுத்தினேன். 5.2-இன் வர்க்கம் 27.04, மறுபக்கம் 0.5 × 29 = 14.5. முதலாவது பெரியது, ஆகவே தெரிகிறார். கணக்கு சரிதான். ஆனால் விளக்கக்காட்சியின்போது காவலாளிக்கு முதுகிலும் கண் முளைத்திருந்தது. பின்னால் பதுங்கிப் போன ஆட்டக்காரரை அவன் ஒவ்வொரு முறையும் பிடித்தான். காரணம் எளிது. பின்னால் இருப்பவருக்கு forward −5.2 என்று வரும். வர்க்கப்படுத்தினால் அந்தக் கழித்தல் குறி தொலைந்துவிடும். “forward பூச்சியத்தை விடப் பெரிதா?” என்ற சோதனையை முன்னால் சேர்த்திருந்தால் போதும். அந்தக் குறிதான் புள்ளிப் பெருக்கல் நமக்குத் தரும் பாதிச் செய்தி என்பதை அன்று கூனிக் குறுகி நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அடுத்து, குறிபார்த்தல். காவலாளி ஆட்டக்காரரைக் கண்டுவிட்டான். பூப்பந்து போன்ற ஏதோ ஒன்றை நேராக எறியப் போகிறான். இப்போது எறிந்தால் படுமா? இதற்கும் அதே இரண்டு எண்கள்தான். பந்து f திசையில் நேர்கோட்டில் போகிறது. ஆட்டக்காரர் அந்தக் கோட்டிலிருந்து 1.4 மீட்டர் வலப்பக்கம் தள்ளி இருக்கிறார். ஆட்டக்காரரின் உருவம் 0.5 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால், 1.4 அதைவிடப் பெரியது. பந்து படாமல் போய்விடும். குறுக்குப் பெருக்கலின் குறி எந்தப் பக்கம் என்று சொன்னது. அதன் அளவு எவ்வளவு தூரத்தில் தவறும் என்று சொல்கிறது. விடையைச் சரிபார்க்கவும் வழி உண்டு: 5.2-இன் வர்க்கம் 27.04, 1.4-இன் வர்க்கம் 1.96, கூட்டினால் 29. முழுத் தூரத்தின் வர்க்கம் அதேதான். பித்தகோரஸ் தேற்றம் இங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

எனவே காவலாளி வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் நொடிக்கு 120 பாகை திரும்புகிறான், திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் 2 பாகை. தொடக்கத்தில் விலகல் ஏறக்குறைய 15.07 பாகை. ஐந்து முறை திரும்பிய பிறகு 5.07 பாகை மீதம். அப்போது மறுபடி குறுக்குப் பெருக்கலைச் செய்தால் விலகல் தூரம் 0.48 மீட்டர். 0.5-ஐ விடக் குறைவு; இப்போது எறிந்தால் படும்.

ஆனால் அவன் தொடர்ந்து திரும்பட்டும் என்று விட்டுப் பாருங்கள். ஏழாவது முறைக்குப் பின் 1.07 பாகை மீதம். எட்டாவது முறை மறுபடி 2 பாகை திரும்புவான். இலக்கைத் தாண்டி 0.93 பாகை அந்தப் பக்கம் போய்விடுவான். left-இன் குறி மாறும், அடுத்த முறை திரும்பி வருவான், மறுபடி தாண்டுவான். இப்படி ஆட்டக்காரர் அசையாமல் நின்றாலும் காவலாளி குளிர்சுரம் வந்தவன் போல நடுங்கிக்கொண்டே இருப்பான். என் மாணவனின் விளையாட்டில் அன்று மாலை ஏழு மணிக்கு நடந்தது இதுதான். குறி மட்டும் போதாது, எவ்வளவு மீதம் என்பதும் வேண்டும் என்பதை அவனே சொன்னான். கோணம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. அதையும் இதே இரண்டு எண்களிலிருந்து பாதுகாப்பாக எடுக்கலாம்:

```
angle = atan2(left, forward)
```

இது குறியோடு கூடிய கோணத்தைத் தரும். Acos-இல் இருக்கும் பொறியும் இதில் இல்லை. விடை ரேடியனில் வரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மீதம் 2 பாகையை விடக் குறைவு என்றால் அந்த மீதத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டோம். நடுக்கம் நின்றது. ஆட்டக்காரர் சரியாக முதுகுக்கு நேர் பின்னால் இருந்தால் left பூச்சியமாகும். “பூச்சியம் என்றால் திரும்ப வேண்டாம்” என்று எழுதியிருந்தால் காவலாளி அப்படியே சிலையாக நிற்பான். நேர் எதிரே இருந்தாலும் பூச்சியம், நேர் பின்னால் இருந்தாலும் பூச்சியம். இரண்டையும் பிரித்துச் சொல்வது forward-இன் குறிதான். ஆகவே ஒரு பெருக்கலை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

வீட்டுக்குப் போன மாணவன் இரவு செய்தி அனுப்பினான். வரைபடத்தாளில் சரியாக வருகிறது, திரையில் மட்டும் காவலாளி எதிர்ப்பக்கம் திரும்புகிறான் என்று. அவன் பயன்படுத்துவது கோடோட். அதன் இருபரிமாணத் திரையில் y அச்சு கீழ்நோக்கி வளர்கிறது. தாளில் இடப்பக்கம் என்பது திரையில் வலப்பக்கமாகிவிடும். சூத்திரம் தவறவில்லை, தாள்தான் தலைகீழாகக் கிடக்கிறது. குறியின் பொருளை மாற்றிக்கொண்டால் போதும். புதிய மென்பொருள் எதையாவது தொடும்போது, தெரிந்த ஒரு புள்ளியை வைத்து இடம் எது, வலம் எது என்று முதலில் சோதித்துவிடுங்கள். முப்பரிமாணத்திலும் இதே தொல்லை உண்டு: யூனிட்டி இடக்கை முறையில் அச்சுகளை அமைக்கிறது, கோடோட் வலக்கை முறையில். பாடநூலில் படித்த வலக்கை விதியை அப்படியே யூனிட்டியில் போட்டால் குறுக்குப் பெருக்கலின் வெக்டர் நீங்கள் எதிர்பார்த்ததற்கு எதிர்த்திசையில் நிற்கும்.

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு. ஆறாம் படிவத்தில் எனக்குக் கற்பித்த ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, “குறுக்குப் பெருக்கலின் விடை ஒரு வெக்டர் அம்மா. நீ அதை ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டால், பின்னால் தளம், செங்குத்து, பரப்பளவு எல்லாம் படிக்கும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் காட்டிய எண், அந்த வெக்டரின் மூன்றாவது உறுப்பு மட்டும்தான். முப்பரிமாணத்தில் “இடக்கை” என்று ஒரே ஒரு திசையைச் சொல்ல முடியாது. மேலும் கீழும் சேர்ந்துவிடுகிறது. அங்கே குறுக்குப் பெருக்கல் தரும் வெக்டர், எந்த அச்சைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் தாளில் இடம் வலம் பார்த்துப் பழகிய மாணவருக்கு, “தாளிலிருந்து மேலே குத்தி நிற்கும் ஊசியைச் சுற்றித்தான் இவ்வளவு நேரம் திரும்பினோம்” என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த ஊசி ஏன் வந்தது என்பதே தெரியாது.

ஆகவே ஆசிரியர்களிடமும் சக மாணவர்களிடமும் நான் கேட்பது சிறிய மாற்றம்தான். வெக்டர் பாடம் முடியும் நாளில், ஒரு வரைபடத்தாளில் ஒரு காவலாளியையும் ஐந்து ஆட்டக்காரர்களையும் வரையுங்கள். யார் முன்னால், யார் பின்னால், யார் இடம், யார் வலம் என்று பெருக்கிக் கூட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டரில் கோசைன் பொத்தானைத் தொடக்கூடாது என்பது மட்டும் விதி. கோணம் அடுத்த வாரம் வரட்டும்.

என் மாணவனின் காவலாளி இப்போது ஒழுங்காகத் திரும்புகிறான், ஒழுங்காகக் குறிபார்க்கிறான். ஆனால் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரையும் பார்த்துவிடுகிறான். நம் இரண்டு பெருக்கல்களுக்கும் சுவர் தெரியாது. நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு கோடு விட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையிலும், கோடு சுவரை வெட்டுகிறதா என்று பார்க்க, சுவரின் இரு முனைகளும் கோட்டின் எந்தெந்தப் பக்கம், கோட்டின் இரு முனைகளும் சுவரின் எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு எந்தப் பெருக்கல் வேண்டும் என்பதை வரும் சனிக்கிழமைக்குள் அவனே கண்டுபிடித்துச் சொல்வதாக ஏற்பாடு.